வக்கீல் கோட்டுக்குக் கடுக்காய்ச் சாயம்

எல்லப்பன் வக்கீலுக்கு இருந்தது ஒரே கோட்டு. அதுவும் ஆட்டுமயிர்த் துணியில் தைத்த பளபளப்புக் கோட்டு அல்ல, முரட்டு நூல் துணியில் தைத்த பொத்தான் கழுத்துக் கோட்டு. ஏழு வருஷ வெயிலும் வேர்வையும் குடித்து அது ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. தோளில் செங்காவி, முதுகில் பாசிப்பச்சை, கக்கத்தில் மட்டும் பழைய கறுப்பு. கோர்ட்டு எந்த ஊரில் என்று கேட்காதீர்கள். ஊர்ப் பேரைச் சொன்னால் அங்கே இன்றைக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள், கோபித்துக்கொள்வார்கள். சேலம் ஜில்லாவின் வடகோடியில், ஓசூர் பஸ் வந்து நிற்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் ஐம்பத்தாறு.

அந்தக் கோட்டைப் பற்றி எல்லப்பன் வக்கீலை விட அதிகமாகக் கவலைப்பட்டவள் ஒருத்தி இருந்தாள். அவருடைய கட்சிக்காரி முனிலட்சுமி.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரத்தில் முனிலட்சுமிக்கு ஒன்றரை ஏக்கர் கேழ்வரகுக் காடு. அது அவளுடையதா இல்லையா என்பதுதான் வழக்கு. அவள் புருஷன் ராமப்பனின் அப்பனுக்கு அந்த நிலத்தைக் கொடுத்தவர் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர். தாராள மனசில் கொடுக்கவில்லை. ராத்திரியானால் யானை இறங்குகிற இடம், பண்ணை ஆட்கள் யாரும் அங்கே காவலுக்குப் போகமாட்டேன் என்றார்கள். "நீயே வெச்சுக்கடா" என்று வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டார். காகிதம் கிடையாது. இரண்டு தலைமுறை பரண் கட்டித் தீப்பந்தம் பிடித்து யானையை விரட்டி அதை நிலமாக்கியது. பெரியவர் செத்தார், ராமப்பனும் செத்தான். காட்டிலே மரம் வெட்டி வெட்டி யானை உள்ளே ஒதுங்கிப்போனது. அப்போதுதான் பெரியவரின் மகன் நாராயணப்பனுக்கு அந்த நிலம் தன்னுடையது என்று ஞாபகம் வந்தது. யானை இருக்கிற வரைக்கும் வராத ஞாபகம்.

முனிலட்சுமிக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு காகிதம் கூட இல்லை. ஆனால் எல்லப்பன் வக்கீல் எங்கேயோ தோண்டி ஒரு காகிதம் பிடித்திருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் யானை பயிரை அழித்தது என்று தாலூகா ஆபீசில் நாராயணப்பன் கொடுத்த மனுவின் நகல். அதில் தன் நிலம் எல்லாவற்றையும் சர்வே நம்பரோடு வரிசையாக எழுதியிருந்தான். இந்த ஒன்றரை ஏக்கர் மட்டும் அதில் இல்லை. ஏனென்றால் அப்போது அது தன்னுடையது என்று அவனே நினைக்கவில்லை.

"இதை முன்னாடி காட்டக்கூடாது. அவனைக் கூண்டுல ஏத்தி, வாயைப் பிடுங்கி, அப்புறம் காட்டணும். அன்னைக்கு அவன் என்ன சொல்றானோ அதுதான் தீர்ப்பு" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அப்படி அவனைக் கூண்டில் ஏற்றுகிற அன்றைக்குத்தான் கோட்டு காலை வாரியது.

வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னால் வக்கீலின் சம்சாரம் சரோஜம்மாள் கங்கப்பன் கடையில் ஒரு சாயப் பொட்டலம் வாங்கி, வெந்நீரில் உப்போடு கரைத்து, கோட்டை அதிலே போட்டு அவித்திருந்தாள். பார்க்கக் கறுப்பாகத்தான் வந்தது. போட்டுக்கொண்டு போன அன்றைக்குச் சரியான புழுக்கம். பத்தரை மணிக்குள் வேர்வையில் சாயம் கசிந்து வெள்ளைக் கழுத்துப்பட்டியில் இறங்கி, அங்கிருந்து தாடைக்கு ஏறி, வக்கீல் முகத்தைத் துடைத்த கைக்குட்டை வழியாக மூக்குக்கும் வந்துவிட்டது. தோள் மட்டும் பழையபடி செங்காவியாகவே நின்றது. நீதிபதி ஆசனத்திலிருந்து முன்சீப்பு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பக்கத்து வக்கீல்கள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் முனிலட்சுமி கேட்டாள். "என்னா சாமி சொன்னாரு?"

"என்னைக் கண்ணுக்குத் தெரியலையாம்."

"எதுக்க நிக்கறீங்களே, சாமி."

"கறுப்புக் கோட்டு இல்லாம நின்னா வக்கீல் நிக்கலைன்னு அர்த்தம். அது அவங்க சட்டம். வர்ற திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போட்டிருக்காரு. அன்னைக்கும் இப்பிடி வந்தா வக்கீல் இல்லாத வழக்காப் பாவிச்சு முடிச்சிருவாராம்."

முனிலட்சுமி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தலைமுறை யானைக்கு நிலைத்த நிலம் ஒரு துணியின் நிறத்துக்கு நிலைக்காமல் போகப்போகிறது. இதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

புதுக் கோட்டு தைக்க வக்கீலுக்கு வசதி இல்லை. அவருக்கு வருகிற கட்சிக்காரர்கள் எல்லாம் முனிலட்சுமி மாதிரியே. இரவல் வாங்க மனசு இல்லை. ஒருமுறை வாங்கிப் போட்டு, கொடுத்தவன் அதையே ஒரு வருஷம் சொல்லிக்காட்டியிருந்தான். சரோஜம்மாள் மறுபடியும் கங்கப்பனிடம் போனாள். கங்கப்பன் சாயமும் நூலும் விற்கிறவன், ஒளிவு மறைவு இல்லாத ஆள்.

"பொட்டலச் சாயம் அப்பிடித்தாம்மா. நூல் மேல ஒட்டி நிக்கும், ஈரம் பட்டா கழண்டுக்கும். மயில்துத்தத் தண்ணி காட்டினா கொஞ்சம் நிக்கும், முழுசா நிக்காது. நிக்கற கறுப்பு வேணும்னா கந்தகக் கறுப்பு இருக்குது, மில்லுல போடறது. அதுக்கு வேற மருந்து சேத்துக் காய்ச்சணும். அழுகின முட்டை நாத்தம் தெருவே நாறும். பித்தளை அண்டா கறுத்துப் போயிரும். வீட்டுல அதைத் தொடாதீங்க. சேலத்துல குடுத்தா போட்டுத் தருவாங்க, பத்து நாள் ஆகும்."

பத்து நாள் எங்கே இருக்கிறது? இருந்தது ஐந்து நாள்.

முனிலட்சுமி அதைக் கேட்டுக்கொண்டே கடை வாசலில் நின்றாள். அவள் மனசில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவி வெளிச்சம். "அம்மா, கறுப்பு நான் ஏத்தித் தர்றேன். கடுக்காய்க் கறுப்பு. மழையில நனைஞ்சாலும் போகாது."

அவள் சும்மா சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் காட்டோரத்துக் கம்பளிக்காரர்கள் வீட்டில் கூலிக்கு இருந்தவள். அவர்கள் கன்னடம் பேசுகிற குறும்பர்கள். ஆட்டு மயிரை நூற்றுக் கம்பளி நெய்கிறவர்கள். வெள்ளையும் பழுப்புமாக மயிர் கலந்து வந்தால் கடுக்காயில் ஊறவைத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் முக்கிக் கறுப்பாக்குவார்கள். அந்தக் கம்பளியை இருபது வருஷம் மழையில் போர்த்திக்கொண்டு ஆடு மேய்த்தாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். முனிலட்சுமி கண்ணால் பார்த்தது, கையால் செய்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ஒரு மூட்டைக் கடுக்காயோடு வந்து இறங்கினாள். காட்டுக் கடுக்காய், முற்றியது. வக்கீல் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து கல்லால் தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடித்தாள். அவளுக்கு அந்த வீட்டில் பின்வாசல் வரைக்கும்தான் இடம். எல்லப்பன் குடியானவர் வீட்டுப் பிள்ளை, கூலிக்காரர்களுக்காக வாதாடுகிறவர், இருந்தாலும் சமையலறைப் படி என்று ஒன்று இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சரோஜம்மாள் நல்லவள். சோற்றை இலையில் வைத்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

சரோஜம்மாள் முந்தின நாளே பாதி வேலையை முடித்திருந்தாள். ஒட்டியிருந்த பொட்டலச் சாயத்தை வெந்நீரில் அலசி அலசிக் கழற்றி, சலவைச் சோடா போட்டு அவித்து, கழுத்திலும் கையிலும் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுத்திருந்தாள். பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். இது சரோஜம்மாளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அழுக்குத் துணி துவைத்தே தெரிந்தது. அவித்து எடுத்த கோட்டு துவண்டுபோய்க் கொடியில் தொங்கியது.

இடித்த தோலை மண்பானையில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் காய்ச்சினாள் முனிலட்சுமி. தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பானது. கோட்டை அதில் அமுக்கி, மேலே கல்லை வைத்து, மதியம் வரை விட்டாள். எடுத்துப் பிழிந்தபோது கோட்டு கறுப்பாகாமல், இன்னும் மோசமாக, சாணிப் பழுப்பாக இருந்தது.

சரோஜம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "என்னடி இது, இருந்த கறுப்பும் போச்சு."

"பாருங்கம்மா, இப்ப பாருங்க."

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதி, பச்சைக் கற்கண்டு மாதிரி இருந்தது. அதை வேறொரு பானையில் கரைத்து, கோட்டை முக்கினாள். முக்கின இடம் முக்கின இடமாகத் துணி சாம்பலாகி, காற்றுப் பட்டதும் கறுத்தது. சரோஜம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்து மசியும் இதே வித்தைதான். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, அவ்வளவுதான் விஷயம். ஆனால் பொட்டலச் சாயம் நூலுக்கு மேலே ஒட்டுகிற மாதிரி இது ஒட்டுவதில்லை. நூலுக்குள்ளேயே போய்க் கறுப்பாகிறது, அதனால் வெளியே வருவதில்லை.

வெயிலில் பாதி உலரவிட்டு மறுபடியும் கடுக்காயில், மறுபடியும் அன்னபேதியில். இரண்டாம் முறைக்கு உடம்பு முழுக்க நல்ல கறுப்பு. தோள் மட்டும் மங்கலாகவே இருந்தது. வெயிலில் தேய்ந்து நூலே மெலிந்துபோன இடம் அது. சாயம் நூலில்தான் ஏறும், இல்லாத நூலில் எதில் ஏறும்? மூன்றாவது முறை முக்கினாலும் அதற்கு மேலே கறுக்காது. எந்தச் சாயத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. இது முனிலட்சுமிக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் அந்தத் தோளைப் பார்க்கவில்லை, முன்சீப்பின் கண்ணைப் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரியலை" என்று அவர் மறுபடியும் சொல்லிவிட்டால்? கம்பளிக்கு அளந்து போடுகிற அன்னபேதியையே போட்டிருந்தாள். இப்போது அதற்கு மேலே இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, கோட்டை மூன்றாம் முறை முக்கி, அப்படியே விட்டாள். தோள் ஒரு நூல் கறுத்தது. அதற்கே அவளுக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிட்டுப் பிழியப் போனபோது சரோஜம்மாள் உள்ளேயிருந்து சோடா டப்பாவோடு வந்தாள்.

"கொஞ்சம் சோடாத் தண்ணியில ஒரு முக்கு முக்கிரலாம். கையில பட்டா சுரீருங்குது, எலுமிச்சம்பழம் பட்ட மாதிரி. துணிக்கு ஆகாது."

முனிலட்சுமி டப்பாவுக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"ஐயோ, வேணாம்மா. சோடா மட்டும் காட்டக்கூடாது. அங்க கம்பளிக்காரங்க வீட்டுக் கிழவி சொல்லிச் சொல்லி அடிப்பா. 'சவுளு பேடா, சோடா பேடா'ம்பா. உவர்மண்ணும் ஆகாது, சோடாவும் ஆகாது. பட்டுச்சுன்னா மயிரெல்லாம் திரிஞ்சு கெட்டுப்போயிரும். கறுப்பும் வெளுத்துரும்."

"அப்பிடியா?"

"நாலு வருஷம் செஞ்சிருக்கேம்மா."

சரோஜம்மாள் டப்பாவோடு நின்றாள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் சாணிப் பழுப்பைக் கறுப்பாக்கிக் காட்டியவள் சொல்கிறாள். அதுவுமில்லாமல் நிலம் அவளுடையது, பயம் அவளுடையது, அவளை விட அக்கறையாக யார் பார்த்துவிடப் போகிறார்கள்? டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

கிழவி சொன்னது பொய்யல்ல. ஆட்டு மயிருக்கு அது சத்திய வாக்கு. சோடா மாதிரிக் காரம் பட்டால் மயிர் கெட்டுப்போகும், புளிப்பு பட்டால் ஒன்றும் ஆகாது. பருத்திக்கு நேர் தலைகீழ். காரத்தைத் தாங்கும், புளிப்பைத் தாங்காது. ஆட்டு முதுகில் வளர்ந்ததும் செடியில் காய்த்ததும் ஒன்றாகுமா? அன்றைக்குச் சோடாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கியிருந்தால் அன்னபேதியின் புளிப்பு அடங்கியிருக்கும். அந்தப் பின்வாசலில் இரண்டு பெண்களும் இருந்தார்கள், சோடாவும் இருந்தது. தெரிந்த வித்தைதான் குறுக்கே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நிழலில் காயப்போட்டு, சாயங்காலம் சரோஜம்மாள் இஸ்திரிப்பெட்டியில் கரி நெருப்புப் போட்டுத் தேய்த்தாள். நன்றாகச் சூடேற்றித்தான் தேய்த்தாள், முரட்டுத் துணியல்லவா. வெல்லம் கருகுகிற மாதிரி லேசாக ஒரு வாடை வந்தது. கோட்டு கஞ்சி போட்டது போல் விறைப்பாக நின்றது. எல்லப்பன் போட்டுப் பார்த்தார். வெள்ளைத் துணியை எடுத்துக் கோட்டுக் கையில் அழுத்தித் தேய்த்தார், சாயம் ஒட்டவில்லை. பெஞ்சாதியைப் பார்த்துச் சிரித்தார், பிறகு பின்வாசலுக்கே வந்து முனிலட்சுமியைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு வக்கீல் தன்னைக் கும்பிட்டதில் முனிலட்சுமி கூசிப்போய் எழுந்து நின்றாள். நிலம் கிடைத்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை கோர்ட்டில் முன்சீப்பு தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஆங்" என்றார். அவ்வளவுதான், வக்கீல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டார்.

நாராயணப்பன் கூண்டில் ஏறினான். பட்டுக்கரை வேட்டி, கடுக்கன். முனிலட்சுமி கதவோரம் நின்றாள். எல்லப்பன் அவசரப்படவில்லை. எத்தனை நிலம், எந்த ஊரில், என்ன பயிர் என்று விவசாயம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனார். யானைத் தொல்லை உண்டா? உண்டு. தாலூகா ஆபீசில் மனுக் கொடுத்ததுண்டா? உண்டு. நீங்களே கையெழுத்துப் போட்டீர்களா? நானேதான்.

"அந்த மனுவில் உங்களுக்குச் சொந்தமான காட்டோர நிலம் எல்லாவற்றையும் எழுதினீர்களா?"

"எல்லாத்தையும் எழுதினேன்."

"ஒன்றும் விட்டுப்போகவில்லையே?"

"ஒரு சென்டு விடலை. நானே உட்கார்ந்து சொல்லி எழுத வெச்சேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு ஏதோ இடித்தது. கண் தன் வக்கீலைத் தேடியது, உதட்டை நக்கிக்கொண்டான். காட்டில் யானை நின்று காதை விரிக்கிற கணம் முனிலட்சுமிக்குத் தெரியும். இது அந்தக் கணம். இனி ஒரே ஒரு கேள்வி. அப்படியானால் இந்த நிலம் ஏன் இதில் இல்லை?

எல்லப்பன் நகலை எடுத்து முன்சீப்பிடம் கொடுக்கக் கையைத் தூக்கினார்.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த வாழைச்சருகைக் கிழிக்கிற சத்தம். கக்கத்திலிருந்து முழங்கை வரைக்கும் கோட்டு வாய் பிளந்தது. தையல் விட்டிருந்தால் பரவாயில்லை. தையல் அப்படியே இருந்தது, துணிதான் கிழிந்தது. அவர் பதறிக் கையை இறக்கினார். தோள் பட்டென்று முதுகுவரை போனது. பின்னால் பிடிக்கப் போனார். பிடித்த இடம் பொடியாகக் கையோடு வந்தது. கறுப்புக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கூண்டில் நின்ற நாராயணப்பனும் சிரித்தான்.

முன்சீப்பு சிரிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. சட்டத்தை விட்டு நகரத் தெரியாத மனுஷன். "மிஸ்டர் எல்லப்பன், போய் வேறு கோட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று தணிவாகத்தான் சொன்னார். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. அவருக்காகவே கோர்ட்டை முன்னதாகக் கலைத்தார். அந்தக் கருணைதான் முனிலட்சுமியைக் கொன்றது.

மதியம் எல்லப்பன் யாருடைய கோட்டையோ இரவல் வாங்கி, கை விரல் வரை தொங்க, வந்து நின்றார். ஒன்றரை மணி நேரம் நாராயணப்பன் தன் வக்கீலோடு ஆலமரத்தடியில் நின்றதை முனிலட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லப்பன் நகலைக் கொடுத்து, அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அந்த வருசம் அந்தக் காட்டுல விதைப்பே போடலைங்க. பயிரே இல்லாத நிலத்துக்கு யானை சேதம்னு எப்பிடி எழுதறது? அதனால விட்டோம்" என்றான் நாராயணப்பன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"ஒரு சென்டு விடவில்லை என்று காலையில் சொன்னீர்களே?"

"சேதமான நிலத்துல ஒரு சென்டு விடலைன்னேனுங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். அத்தனைதான்.

அன்று சாயங்காலம் எல்லப்பன் கந்தலான கோட்டை முனிலட்சுமி நின்றிருந்த பின்வாசலில் எறிந்தார். வெளுத்த துணி கொண்டுவந்த சலவைக்காரன் ஆஞ்சப்பன் அதை எடுத்து, ஒரு நூலை உருவி இழுத்தான். பிசுக்கென்று அறுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"புளிக்குதுங்களே. அன்னபேதி போட்டுக் காரம் காட்டாம விட்டுட்டீங்களா? அதுக்கு மேல சூட்டுப்பெட்டி வேற. பருத்தி இத்துப்போயிருமுங்களே. கொஞ்சம் சோடா காட்டியிருந்தா இந்தக் கோட்டு இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருக்கும்."

எல்லப்பன் மெதுவாகப் பெஞ்சாதி பக்கம் திரும்பினார். "வீட்டுல சோடா இல்லியா?"

"இருந்துச்சு."

"பின்னே?"

சரோஜம்மாள் முனிலட்சுமியை ஒரு முறை பார்த்தாள். ஒரே ஒரு முறை. "மறந்துட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லப்பன் பேசிய பேச்சை எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் கை நீட்டுகிற மனுஷன் இல்லை. அதற்குப் பதிலாக வாய் இருந்தது. உன்னால் ஒரு ஏழையின் சோறு போச்சு என்றார். பிறந்ததிலிருந்து துணி துவைக்கிறவளுக்கு இது கூடவா தெரியாது என்றார். ஆஞ்சப்பன் மூட்டையை வைத்துவிட்டு நழுவினான். சரோஜம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முனிலட்சுமிக்கு வாய் வரைக்கும் வந்தது. சோடாவை நான்தான் சாமி தடுத்தேன். நாலு சொல். ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. தோற்றால் சேலத்துக்கு அப்பீல் போடவேண்டும், போட இவரை விட்டால் யாரும் இல்லை. தன் மேல் கோபம் வந்து வழக்குக் கட்டைக் கையில் கொடுத்துவிட்டால் எங்கே போவது? அந்த நாலு சொல்லையும் விழுங்கினாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிப் புறப்பட்டாள்.

தீர்ப்பு ஒரு மாசம் கழித்து வந்தது. நிலம் நாராயணப்பனுக்கு. கதிர் அறுக்கிற பருவத்தில் இருந்த கேழ்வரகும் சேர்த்து.

அப்பீலுக்கு முனிலட்சுமி வந்து நின்றபோது எல்லப்பன் கட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பீல்ல புதுசா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, முனிலட்சுமி. இங்க எழுதினதைத்தான் படிப்பாங்க. இங்க எழுதினது உனக்குத் தெரியும். வீணா அலையாதே" என்றார். அவர் புதுக் கோட்டு தைத்திருந்தார். மனைவியின் வளையல் போயிருந்தது. ஒரு மாசமாக அவர் அந்த மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பின்வாசலுக்கு வந்த உடனே முனிலட்சுமிக்குத் தெரிந்தது. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் இல்லை.

இப்போது பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. "அம்மா, நான் சாமிகிட்டச் சொல்லிர்றேன்" என்று முனிலட்சுமி முன்வாசலைப் பார்க்க நடந்தாள்.

சரோஜம்மாள் சமையலறைப் படியை விட்டு இறங்கி வந்து, முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்."

"ஏம்மா? என்னாலதானே?"

"அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டு உனக்கு விழுந்திருக்கும். இன்னைக்குச் சொன்னா, ஒரு மாசம் சும்மா பாத்துக்கிட்டு இருந்தியான்னு கேப்பாரு. நான் ஏன் பொய் சொன்னேன்னும் கேப்பாரு. நீ உன் நிலத்துக்காகப் பேசாம இருந்தே. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் மறந்துட்டேன்னேன்." அடுப்புப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "நிலமாவது நின்னிருக்கணும்."

கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை. அடுப்பில் சோறு பொங்கியது, அதற்காகப் போனாள்.

முனிலட்சுமி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நிலம் போனதைச் சொல்லி அழ ஊரில் நாலு பேர் இருந்தார்கள், சேர்ந்து அழுவார்கள், நாராயணப்பனை வைவார்கள். இதைச் சொல்லி அழ அவளுக்கு யாரும் இல்லை.